பாணுக்குப் பதிலாக வந்த இட்லி

பேராதனை வைத்தியசாலையில் எனக்கு வந்திருக்கும் நோயின் பெயரைச் சொன்னபோது, முதலில் அது ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்தேன். சீலியாக். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை என் குடல் ஏற்றுக்கொள்ளாதாம். கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்துச் சண்டை போடுமாம். அதனால்தான் வயிற்றுப்போக்கு, அதனால்தான் இரத்தம் குறைவு, அதனால்தான் இடுப்பில் காற்சட்டை நிற்கவில்லை. குழாய் விட்டுப் பார்த்து, குடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்து, உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

"மருந்து?" என்று கேட்டேன்.

மருந்து கிடையாது, கோதுமையை விட்டுவிட வேண்டும், அதுதான் மருந்து என்றார் வைத்தியர். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டதற்கு அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இலங்கையில் ஒரு மனிதன் கோதுமையை விடுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பேக்கரியில் வாங்கும் பாண் இல்லை. பன் என்கிற பணிஸ் இல்லை. ரொட்டி, ரோல்ஸ், கொத்து ரொட்டி, பிஸ்கட் ஒன்றும் இல்லை. ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, கோதுமை ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் தின்றே வளர்ந்தவன் நான். பல்கலைக்கழகத்தில் எழுதுவினைஞராகக் கிளார்க் வேலை கிடைத்து டவுனுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகும் காலைச் சாப்பாடு மட்டும் மாறவில்லை. காலையிலேயே பஸ் ஏறி, மடவளை வழியாகக் கண்டிக்கு வந்து, ஒரு பிளேன்டீயும் இரண்டு பணிஸும். அதோடு பேராதனை பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

என் மனைவியும் காலையில் வீட்டில் சமைக்கிற நிலையில் இல்லை. பாடசாலை ஆசிரியை. நான் கிளம்பும் நேரத்தில்தான் அவளும் கிளம்ப வேண்டும். வீட்டில் இட்லி என்பது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்த பிறகுதான். அதுவும் எங்கள் மேட்டுக் குளிரில் மாவு ஒழுங்காகப் புளிக்காது. பழைய கம்பளியைச் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, என்னென்னவோ வித்தை எல்லாம் செய்து பார்ப்பாள். இட்லி தட்டையாகத்தான் வரும். அதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை திறந்தேன், அது போதும்.

ஆக, பணிஸ் போன இடத்துக்கு என்ன வருவது? டவுனில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சைவக் கடை இருந்தது. இட்லி, ஊத்தப்பம், வடை, வெள்ளிக்கிழமைகளில் பொங்கல். எல்லாம் அரிசியும் பருப்பும். கோதுமைக்கு அங்கே என்ன வேலை? வைத்தியசாலையை விட்டு வந்த முதல் காலையிலேயே அங்கே போய் உட்கார்ந்தேன்.

இட்லி வந்தது. பஞ்சு மாதிரி இருந்தது. வாயில் போட்டதும் ஒரு விதமாகப் பொலபொலவென்று கரைந்தது. நோய் வந்தாலும் ஒரு நன்மை உண்டு என்று அன்றைக்கு மனதார நினைத்தேன்.

கிளினிக்கில் எங்கள் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு போசணை ஆலோசகர் இருந்தார். சிங்களப் பெண். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம், அவர் என்னை மாத்தயா, அதாவது ஐயா, என்பார். தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார், நான் சிங்களத்தில் தட்டுத்தடுமாறுவேன், நடுவில் எங்காவது சந்தித்துக்கொள்வோம். சாப்பிடுவதற்கு முன் தட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், எங்காவது கோதுமை ஒளிந்திருந்தால் நான் பிடித்துவிடுவேன் என்றார். அவரிடம் ஒரு செயலி இருந்தது. தட்டின் படத்தைக் காட்டினால் அதில் இருப்பது என்ன, எதால் செய்தது என்று சொல்லிவிடுமாம். அதில் வருவதை அப்படியே எனக்கும் படம் பிடித்து அனுப்புவார்.

முதல் நாள் இட்லிப் படத்துக்கு வந்த பதில்: இட்லி. முக்கியப் பொருட்கள் அரிசி, உளுந்து.

மெஷினுக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'சரி மிஸ்' என்று எழுதி ஒரு கட்டை விரலையும் போட்டேன்.

அடுத்து ஊத்தப்பம். மேலே வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் எல்லாம் தூவி நன்றாகத்தான் சுட்டுத் தந்தார்கள். படம் போன கொஞ்ச நேரத்தில் மிஸ் பதறிப்போய் அழைத்தார்.

"மாத்தயா, சாப்பிட வேண்டாம். பீட்சா என்று காட்டுது."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். "பீட்சா இல்ல மிஸ். ஊத்தப்பம். தோசை மாவுதான், தடிப்பா ஊத்தி மேல வெங்காயம் போடுறது. அரிசியும் உளுந்தும்."

"கோதுமை இல்லயா?"

"எங்க சாப்பாடு மிஸ். எனக்குத் தெரியாதா?"

வடைக்கு அந்தச் செயலி சொன்னது டோனட். நடுவில் ஓட்டை இருக்கிறதே, பாவம் அது என்ன செய்யும். மிஸ்ஸுக்கும் சிரிப்பு. உளுந்து வடே எனக்கும் தெரியும் மாத்தயா, நாங்களும் வாங்கிச் சாப்பிடுவோம், ஆனால் கடையில் கோதுமை மா ஏதும் போடுவார்களா என்று கேட்டார். வடையில் ஏது மா, ஊறப்போட்ட உளுந்தை அரைத்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுப் பொரிப்பதுதான் என்று நான் விளக்கம் கொடுத்தேன். நான் வாழ்நாளில் வடை சுட்டவனில்லை. ஆனாலும் அன்றைக்கு என் குரலில் இருந்த நிச்சயத்தைக் கேட்டிருந்தால் பத்துப் பேருக்கு வடை போட்டவன் என்றே நினைத்திருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமைப் பொங்கலைச் செயலி பாற்சோறு என்றது. அதையும் திருத்தினேன். பாற்சோற்றில் தேங்காய்ப்பால், இதில் பச்சையரிசியும் பயற்றம்பருப்பும், நெய்யில் மிளகு, சீரகம், முந்திரிக் கஜு. அழைப்பில் சொன்னதையெல்லாம் படத்துக்குக் கீழே எழுத்திலும் போட்டுவைத்தேன். மிஸ் எல்லாவற்றையும் பொறுமையாக வாங்கிக்கொண்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பெருங்காயத்தில் கோதுமை மா கலப்பது உண்டு என்று மிஸ் சொன்ன அன்றே வீட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தோம். லேபிளில் அப்படியே இருந்தது. டப்பா குப்பைக்குப் போனது. கடையிலும் சாம்பாரைத் தொடுவதில்லை. தேங்காய்ச் சம்பல் மட்டும்தான். சாம்பாரைத் தள்ளி வைத்துவிட்டு இட்லியை வெறும் சம்பலோடு தின்னும் என்னைப் பார்த்துப் பரிமாறுகிறவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். நான் கட்டுப்பாட்டின் சிகரத்தில் உட்கார்ந்திருப்பதாக எனக்கு நினைப்பு.

மாதங்கள் போயின. உடம்பு தேறவில்லை. சனி, ஞாயிறு கொஞ்சம் தெளிவாக இருக்கும், வாரம் தொடங்கினால் வயிறு பொருமும். அலுவலகத்து அழுத்தம் என்று நினைத்தேன். எங்கள் கிளைத் தலைவரைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மனைவியையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். வைத்தியர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். கோதுமையை விட்டிருந்தால் இந்த எண் இதற்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும், கிட்டத்தட்ட அசையவே இல்லை, எங்கோ உள்ளே போகிறது என்றார். அப்படி ஒன்றும் போகவில்லை என்றால் இது சாதாரண வகை அல்ல. மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், அதிலும் குடல் ஆறாமல் இருந்தால் கடுமையான மருந்துகள் தொடங்க வேண்டி வரும். எலும்பு, சர்க்கரை, எல்லாவற்றையும் தொடக்கூடிய மருந்துகள்.

மிஸ் என் பக்கம் நின்றார். இவர் ஒவ்வொரு நாளும் படம் அனுப்புகிறார், எல்லாம் இட்லி, ஊத்தப்பம், வடை, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன் என்றார். படத்துக்கு வெளியே என்ன சாப்பிடுகிறார் என்று வைத்தியர் கேட்டார்.

பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மடவளையில் பஸ் நின்றபோது பேக்கரியிலிருந்து ரோல்ஸ் பொரிக்கும் வாசம் வந்தது. அவள் மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க எறங்கித்தான் ரோல்ஸ் திங்கிறீங்களா?"

"இல்ல."

"சொல்லுங்க, நான் ஏச மாட்டேன்."

"இல்லன்னு சொல்றேன்ல."

"அப்ப அந்த எண் எப்படிங்க எறங்காம இருக்கு?"

எப்படி என்று எனக்கே தெரியாததுதான் என்னை வாட்டியது. களவு செய்தவனாக இருந்தால்கூட ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கூட்டங்களில் கொடுக்கும் தேநீரில் ஏதாவதா? முத்திரை ஒட்டும் பசையா? கோயில் திருநாளில் வாங்கிய நற்கருணை அப்பத்தை நினைத்துத் திடுக்கிட்டேன், பிறகு அதையும் முதல் மாதத்திலேயே பங்குத் தந்தையிடம் சொல்லி விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. தூக்கத்தில் எழுந்து பாண் தின்கிறேனோ என்றுகூட யோசித்தேன். வீட்டில் பாணே கிடையாது.

அவள் என் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பதை ஒருநாள் பார்த்தேன். துவைக்கப் போடுமுன் எல்லாரும் பார்ப்பதுதான். ஆனால் அவள் பையைத் தட்டிவிட்டு விரலை மூக்கில் வைத்து மோந்தாள். நான் பார்த்ததைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. உடம்பு போவது ஒன்று, வீட்டில் கள்ளனாகிப்போவது வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் போனை அவளிடம் கொடுத்தேன். "இந்தா, எல்லாப் படமும் இருக்கு. நீயே பாரு. இதுல எது கோதுமைன்னு நீ சொல்லு."

அவள் கதிரையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். இட்லி, அரிசி, உளுந்து. பீட்சா என்று ஒன்று, அதற்குக் கீழே என் விளக்கம். டோனட், என் விளக்கம். பாற்சோறு, என் விளக்கம். என் விளக்கங்களைப் படிக்கும்போது அவள் உதடு கொஞ்சம் கோணியது.

"வடை எப்படிச் சுடுறதுன்னு மிஸ்ஸுக்கு வகுப்பே எடுத்திருக்கீங்க."

பிறகு ஒரு இட்லிப் படத்தில் நின்றாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். எழுந்து அடுப்படிக்குப் போய், அன்று அவித்து வைத்திருந்த இட்லி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தா பாருங்க. நம்ம இட்லியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கு. மேல வழவழன்னு இருக்கு. இது மணல் மணலா இருக்கே."

"கடை வெளிச்சம் அப்படி."

"வெளிச்சத்துல மணல் வருமா?"

ஒரு படத்தை வைத்துக்கொண்டு எதைத்தான் சொல்வது? பெரிதாக்கினால் எல்லாமே புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். கடைக்குப் போவோம் என்றாள்.

கடையில் நான் வழக்கமாக உட்காரும் மேசையில் உட்கார்ந்தோம். ஒரு தட்டு இட்லி சொன்னாள். எனக்கு வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டு, ஒன்றைப் பிட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். பரீட்சைத் தாளைத் திருத்தும்போது அவளுக்கு வரும் முகம் அப்போது வந்திருந்தது. விரலை என் முன்னால் நீட்டினாள். அதில் குறுணி குறுணியாக ஒட்டியிருந்தது.

சமையல்காரர் கைதுடைத்துக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். ஏதோ குறை சொல்லப் போகிறார்கள் என்று முகத்தில் ஒரு கலக்கம்.

"அண்ணே, இட்லிக்கு என்ன அரிசி போடுறீங்க?" என்று கேட்டாள்.

"அரிசி போடுறேல்லை. ரவைதான். உளுந்தை அரைச்சு, ரவையை அவிச்சுக் கலந்து புளிக்க வைக்கிறது. எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்."

"ரவைன்னா கோதுமை ரவையா?"

"ஓம், வேற என்ன ரவை?"

ஊத்தப்பம்? தோசை மாவில் கோதுமை மாவும் சேர்ப்போம், அப்போதுதான் கல்லில் நன்றாக வரும் என்றார். வடை? உளுந்துதான், ஆனால் இளகிப் போகாமல் இருக்க ஒரு கைப்பிடி கோதுமை மா. பொங்கல்? பொங்கலுக்கு என்னத்துக்கு மா, அரிசியும் பயறும்தான். பெருங்காயம் சாம்பாருக்கு மட்டும். இதில் ஒளிக்க அவருக்கு ஒன்றும் இல்லை. யாராவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். எங்களுக்கு இட்லி என்றால் அரிசி. அவருக்கு இட்லி என்றால் ரவை. இரண்டு பேருமே தட்டைப் பார்த்து இட்லி என்றுதான் சொல்வோம்.

பீட்சா என்றும் டோனட் என்றும் உளறிய அந்தச் செயலி, பெயரைத் தப்பாகச் சொல்லிக் கோதுமையைச் சரியாகக் காட்டியிருக்கிறது. நான் பெயரைத் திருத்திக் கோதுமையை உள்ளே விட்டிருக்கிறேன். அது சரியாகப் பெயர் சொன்ன இட்லியில் அதுவும் தப்பு, நானும் தப்பு. நோயைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் பணிஸ் தின்றேன். தெரிந்துகொண்ட பிறகு அதே கோதுமையை ஒழுங்காகப் படம் பிடித்து, அனுமதி வாங்கித் தின்றிருக்கிறேன். அந்தக் கடையில் என்னை ஒன்றும் செய்யாமல் விட்டது வெள்ளிக்கிழமைப் பொங்கல் மட்டும்தான். அதைத்தான் எனக்குப் பிடிக்காது.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டவுனில், பகலில், அப்படிப் பிடிக்கிறவள் அல்ல. "ரோல்ஸ்னு நெனச்சேன்ல," என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. பஸ் நிறுத்தம் வரை அப்படியே நடந்தோம்.

அங்கே வந்து நின்றதும்தான் கேட்டாள்.

"ஏங்க, இத்தன மாசமா திங்கிறீங்க. நம்ம வீட்டு இட்லிக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசம்கூடத் தெரியலயா?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் நாக்கில்லாத மடையன். தெரிந்தது என்றால்? முதல் நாள் முதல் வாயிலேயே தெரிந்தது. அது வேறு இட்லி என்று என் வாய் எனக்குச் சொன்னது. ஒவ்வொரு ஞாயிறும் அவளுடைய இட்லியை மென்று விழுங்கும்போது, திங்கட்கிழமைக்காக நான் ஏங்கியிருக்கிறேன். ஏன் கடை இட்லி மட்டும் இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று அவளிடம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டிருந்தால், மாவை ஆட்டுகிறவள் அவள், அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள். கேட்டால் அவள் மனம் நோகும் என்று கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் குடலை நோக வைத்துக்கொண்டேன்.

"மெத்துன்னு இருந்துச்சு," என்றேன்.

"எதவிட?"

பஸ் இன்னும் வரவில்லை.

"நம்ம வீட்டு இட்லியவிட."

அவள் கையை எடுத்துவிட்டாள். எதிர்ப்பக்கத்துக் கடைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் அவள் சொல்லவில்லை.

மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னோம். வைத்தியர் குழாய் விடுவதைத் தள்ளி வைத்தார், முதலில் உண்மையிலேயே கோதுமையை விட்டுப் பார்ப்போம் என்றார். உண்மையிலேயே என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார். அதற்கு அடுத்த பரிசோதனையில் எண் நன்றாக இறங்கியிருந்தது.

இப்போது என் மனைவி விடியும் முன்பே எழுந்து அவிக்கிறாள். புழுங்கல் அரிசி, உளுந்து, மேட்டுக் குளிர். பெட்டியில் போட்டுத் தருகிறாள். முதல் நாள் அதைத் தட்டில் எடுத்து வைத்து, சம்பலை ஊற்றி, வீட்டிலேயே படம் எடுத்து அனுப்பினேன். மிஸ்ஸின் பதில் உடனே வந்தது. செயலி காட்டியதையும் படம் பிடித்து அனுப்பியிருந்தார்: ரொட்டி. முக்கியப் பொருள் கோதுமை மா.

'மாத்தயா, இப்போது ரொட்டியா?' என்று கீழே கேட்டிருந்தார்.

நான் எழுதினேன்: 'இல்லை மிஸ். இட்லி. அரிசி, உளுந்து. இந்த முறை மாவை ஆட்டியது யார் என்று எனக்குத் தெரியும்.'

அனுப்புவதற்குள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்:

"கல்லு மாதிரி இருக்குன்னும் எழுதுங்க. இனி எதையும் ஒளிக்காதீங்க."